மேகமலைக்கு இரண்டு முடிவுகள்: உள்ளாட்சித் தேர்தல் செய்தி பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

உள்ளாட்சித் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அன்றே மாவட்டச் செய்திப் பிரிவில் ஒரு பணிக்குறிப்பு தயாராகிவிடும். எந்த நிருபர் எந்தப் பகுதியைப் பார்ப்பது, எந்தச் செய்தி எத்தனை மணிக்குள் வர வேண்டும், வாக்கு எண்ணும் நாளில் யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். வாசகர் கண்ணில் அது படுவதில்லை. ஆனால் தேர்தல் நேரத்தில் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து வாசகர்கள் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு அதில்தான் விடை இருக்கிறது. தேனி மாவட்டத்துக்கு அந்தக் குறிப்பை எழுதுபவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சில சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறேன்.

மேகமலையில் தேர்தல் என்று செய்தி போட்டீர்கள். எஸ்டேட்டில் இருக்கும் எங்களுக்கு ஓட்டே இல்லை என்கிறார்களே?

இரண்டும் சரிதான். மாவட்டத்தில் மேகமலை என்ற பெயர் இரண்டு உள்ளாட்சி அமைப்புகளோடு சேர்ந்து வருகிறது. சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச் சாவடி தாண்டி மலையேறினால் வரும் தேயிலைத் தோட்டங்களும், ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு ஆகிய குடியிருப்புகளும் ஹைவேவிஸ் பேரூராட்சியைச் சேர்ந்தவை. சுற்றுலா வருகிறவர்கள் மேகமலை என்று சொல்வது இந்தப் பகுதியைத்தான். பேரூராட்சி என்பதால் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடக்கும்போதுதான் இவர்களுக்கு ஓட்டு.

இன்னொன்று மேகமலை கிராம ஊராட்சி. அது மலைத்தொடரின் மறுபக்கம், கடமலை மயிலாடும்பாறை ஒன்றியத்தின் 18 ஊராட்சிகளில் ஒன்று. அரசரடி, இந்திராநகர், பொம்முராஜபுரம் போன்ற ஊர்கள் அதற்குள் வருகின்றன. வருசநாடு வழியாகத்தான் அங்கே போக வேண்டும். ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கும்போது இவர்கள் வாக்களிப்பார்கள். எஸ்டேட் மக்கள் வாக்களிக்க மாட்டார்கள்.

கடந்த முறை இரண்டு தேர்தலும் ஒரே நாளில் நடக்கவில்லை என்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில் இரண்டு கட்டமாக நடந்து, 2020 ஜனவரி 2-ல் வாக்கு எண்ணிக்கை தொடங்கியது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்து, 22-ல் எண்ணப்பட்டது. ஒன்று வாக்குச்சீட்டில், மற்றது இயந்திரத்தில். ஆகவே பணிக்குறிப்பின் முதல் பக்கத்தில் நாங்கள் எழுதுவது கட்சிகளின் பலத்தைப் பற்றியல்ல. மாவட்டத்தில் எது எந்த வகை அமைப்பு என்ற பட்டியல்தான் முதலில் வரும்: 6 நகராட்சி, 22 பேரூராட்சி, 8 ஒன்றியம், அவற்றில் 130 கிராம ஊராட்சி, 10 வார்டு கொண்ட மாவட்ட ஊராட்சி. மேகமலை என்று தலைப்பில் வந்தால் உடனே அடுத்த சொல் பேரூராட்சியா, ஊராட்சியா என்பதைச் சொல்ல வேண்டும் என்பது அதற்குக் கீழே உள்ள விதி. ஹைவேவிஸ் செய்தியில் மேகமலை என்று எழுதுவதைத் தடை செய்யவில்லை. மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். அமைப்பின் பெயரும் கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றியத்துக்கு ஒரு நிருபர் என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்ததே?

பார்க்க நேர்த்தியாக இருக்கும், நடைமுறையில் உடையும். ஆண்டிபட்டி ஒன்றியத்தில் 30 ஊராட்சிகள். கம்பம் ஒன்றியத்தில் 5. இரண்டு நிருபர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தால் ஆண்டிபட்டிக்காரர் வேட்புமனு எண்ணிக்கையைக் கேட்டு முடிப்பதற்கே நாள் போய்விடும். கடமலை மயிலாடும்பாறையில் எண்ணிக்கை நடுத்தரமாகத் தெரிந்தாலும் தூரம் அதிகம். வனப்பகுதிக்குள் இருக்கும் ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும். அதனால் ஊராட்சிகளின் எண்ணிக்கை, சாலை, கைபேசி சிக்னல் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பகுதியைப் பிரிக்கிறோம். வாக்கு எண்ணும் நாளுக்கு இந்தப் பிரிவினை மறுபடி கலைக்கப்படும். அன்று எண்ணும் மையத்தை வைத்துத்தான் ஆட்கள்.

இன்னொரு விஷயத்தை வாசகர்கள் வெளிப்படையாகக் கேட்பதில்லை, ஆனால் மனதில் வைத்திருக்கிறார்கள். சிறு ஊர்களில் பகுதி நேர நிருபரே விளம்பரமும் வாங்கித் தருவார், சில இடங்களில் பேப்பர் ஏஜென்டாகவும் இருப்பார். அவருடைய சித்தப்பாவோ மச்சானோ வார்டு உறுப்பினருக்கு நிற்பதும் சகஜம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வார்டு உறுப்பினர் பதவிகள் உள்ள மாவட்டத்தில் யாருக்குத்தான் உறவினர் நிற்கவில்லை? ஆகவே மனுத்தாக்கல் முடிந்த மறுநாள், ஒவ்வொரு நிருபரும் தன் பகுதியில் நிற்கும் உறவினர் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஊராட்சிச் செய்தி மட்டும் பக்கத்து நிருபருக்குப் போகும். தேர்தல் முடியும்வரை நிருபர் விளம்பரப் பணத்தைக் கையால் தொடக்கூடாது. 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கான செலவு வரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய். இந்த வரம்புக்குள் நிற்கும் ஒருவரைப் பற்றிப் படத்தோடு அரைப்பக்கம் புகழுரை வந்தால், அது எப்படி வந்தது என்று வாசகர் கேட்பது நியாயம். அது விளம்பரமானால் விளம்பரம் என்று மேலே அச்சிட்டிருக்க வேண்டும், கணக்கிலும் வர வேண்டும்.

பிரசாரக் கூட்டம் பற்றிய செய்தி குறைவாக இருக்கிறது. வேட்புமனு வாபஸுக்கு ஏன் இவ்வளவு இடம்?

கிராம ஊராட்சித் தேர்தலில் பல பதவிகளின் முடிவு வாக்குப்பதிவுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. 2019 டிசம்பரில் மனுத்தாக்கல் 16-ம் தேதி முடிந்தது, 17-ல் பரிசீலனை, 19-ல் வாபஸ். அந்த 3 நாட்களில் நடந்ததைப் படிக்கத் தெரிந்தால் ஊரில் என்ன நடந்தது என்பது புரியும்.

எப்படிப் படிப்பது? 16-ம் தேதி மாலை அலுவலகத் தகவல் பலகையில் ஒட்டிய மனுப் பட்டியலை நிருபர் படமெடுத்து வைக்க வேண்டும். 19-ம் தேதி மாலை இறுதிப் பட்டியலையும் படமெடுக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தலைவர் பதவிக்கு 5 பேர் மனுக்கொடுத்து, பரிசீலனையில் யாரும் தள்ளுபடியாகாமல், கடைசி மணி நேரத்தில் 4 பேர் வாபஸ் வாங்கினால், ஒரே ஆள் மிஞ்சுகிறார். இது ஊர் ஒற்றுமையாகவும் இருக்கலாம், பதவி ஏலமாகவும் இருக்கலாம். 2019-ல் இப்படி ஏலம் விடுவது குறித்து மாநிலத் தேர்தல் ஆணையமே எச்சரிக்கை விட்டது. எது நடந்தது என்று பட்டியல் சொல்லாது; எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். வாபஸ் வாங்கிய நால்வரையும் தனித்தனியாக, ஊர்ப் பெரியவர்கள் இல்லாத இடத்தில் சந்திக்க வேண்டும் என்று குறிப்பில் எழுதுவது அதற்காகத்தான். ஒருவர்கூடப் பேசாவிட்டால், "போட்டியின்றித் தேர்வு" என்று மட்டும் எழுதலாம். ஏலம் என்று எழுத முடியாது.

ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப்பக்கம், உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 தொடங்கி 10 ஆண்டுகள் தேர்தலை நடத்த விடவில்லை. அல்லது ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-ல்தான் முறையாகத் தலைவர்கள் வந்தார்கள். அந்த ஊர்களில் காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்த கட்டங்கள் உண்டு. மனு, வாபஸ், வெற்றி, ராஜினாமா என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு செய்தியாக வந்தால் உண்மை தெரியாது. ஒதுக்கீட்டு ஊராட்சி என்றால் நான்கையும் ஒரே நிருபர் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பேரூராட்சி முடிவு மதியத்துக்குள் வருகிறது. ஊராட்சி முடிவு மட்டும் ஏன் மறுநாளும் இழுக்கிறது? ஏதாவது மாற்றுகிறார்களோ?

அதிகம் கேட்கப்படும் சந்தேகம் இது. தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் வேலையின் அளவு.

ஹைவேவிஸ் பேரூராட்சியில் 15 வார்டுகள். வாக்காளருக்கு ஒரே ஓட்டு, கவுன்சிலருக்கு மட்டும். ஒரு வார்டில் சில நூறு பேர். தபால் வாக்குகளை எண்ணிவிட்டு இயந்திரத்தைத் திறந்தால் நிமிடங்களில் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

மேகமலை ஊராட்சியில் அரசரடி வாக்காளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 4 வாக்குச்சீட்டுகள்: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒரே சாவடியில் இரண்டு வார்டுகள் வாக்களித்தால் ஒரு வார்டுக்கு வெள்ளைக்குப் பதில் நீலம். நான்கையும் முத்திரை குத்தி ஒரே பெட்டியில் போடுகிறார். 400 பேர் வாக்களித்த சாவடியின் பெட்டியைத் திறந்தால் 1,600 சீட்டுகள் கலந்து கொட்டும்.

முதல் வேலை நிறம் பிரிப்பது. பிறகு ஒவ்வொரு நிறத்தையும் 50 சீட்டுகள் கொண்ட கட்டாகக் கட்ட வேண்டும். அதன்பிறகுதான் எண்ணிக்கை தொடங்குகிறது. ஒவ்வொரு சீட்டையும் முகவர்களுக்குக் காட்டி, எந்தச் சின்னம் என்று பார்த்து, அந்தந்தத் தட்டில் போட வேண்டும். முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவே விழுந்திருந்தால் தகராறு வரும். அலுவலர் முடிவு செய்யும்வரை அந்த மேசை நிற்கும். காலை 8 மணிக்கு ஆரம்பித்தால், நிறம் பிரித்து முடிப்பதற்கே பல மணி நேரம் ஆகும்.

முடிவுகள் வரும் வரிசைக்கும் காரணம் உண்டு. வார்டு உறுப்பினர் முடிவு ஒன்றிரண்டு சாவடிகளில் முடிந்துவிடும். தலைவர் முடிவுக்கு அந்த ஊராட்சியின் எல்லாச் சாவடிகளும் எண்ணப்பட வேண்டும். ஒன்றியக் கவுன்சிலர் வார்டு சுமார் 5,000 மக்கள்தொகைக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலர் வார்டு சுமார் 50,000-க்கு ஒன்று. கடைசி ஊராட்சியின் கடைசிப் பெட்டி எண்ணப்படும்வரை மஞ்சள் சீட்டின் முடிவை யாரும் சொல்ல முடியாது. ஆகவே நள்ளிரவிலும் மாவட்டக் கவுன்சிலர் முடிவு வரவில்லை என்பதை மட்டும் வைத்து சந்தேகப்பட வேண்டியதில்லை.

சந்தேகப்பட வேண்டியது எப்போது என்பதையும் நிருபருக்கு எழுதிக் கொடுக்கிறோம். வேட்பாளர்கள் வாங்கிய வாக்குகளையும் செல்லாத வாக்குகளையும் கூட்டினால் அந்தப் பதவிக்குப் பதிவான சீட்டு எண்ணிக்கை வர வேண்டும். ஒரே சாவடியில் இளஞ்சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த இடத்தில் ஏதாவது ஒரு பதவிக்குப் போட்டியின்றித் தேர்வு ஆகியிருக்கிறதா என்பது. ஆகியிருந்தால் அந்த நிறச் சீட்டே கொடுத்திருக்க மாட்டார்கள். அதுவும் இல்லை என்றால்தான் அலுவலரிடம் கேள்வி. எல்லாச் சாவடியும் எண்ணி முடிந்து, கூட்டலும் சரியாக இருந்து, முடிவை மட்டும் அறிவிக்காமல் வைத்திருந்தால் அதுதான் செய்தி. எத்தனை மணிக்கு எண்ணி முடிந்தது, எத்தனை மணிக்கு அறிவித்தார்கள் என்ற இரண்டு நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கள் ஊரில் ஜெயித்தவர் எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும். பேப்பரில் மட்டும் ஏன் போடுவதில்லை?

ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகளுக்குத் தேர்தல் கட்சி அடிப்படையில் நடப்பதில்லை. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்ஷா போன்ற சுயேச்சைச் சின்னங்களில்தான் நிற்கிறார்கள். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் உண்டு. ஆகவே 130 ஊராட்சிகளில் இந்தக் கட்சிக்கு இத்தனை என்று எந்த நாளிதழ் அட்டவணை போட்டாலும் அதற்கு அரசு ஆவணம் எதுவும் கிடையாது. கட்சிக்காரர்கள் சொன்ன கணக்கு அது. வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் ஒரே தலைவரை இரண்டு கட்சிகள் தங்களவர் என்று சொல்வதும் உண்டு. கட்சி பலத்தை அளக்க வேண்டும் என்றால் பச்சைச் சீட்டையும் மஞ்சள் சீட்டையும் பாருங்கள்.

டீக்கடையில் காலை 11 மணிக்கே ஜெயித்தது யார் என்று பேசுகிறார்கள். நீங்கள் ஏன் இரவுவரை காத்திருக்கிறீர்கள்?

டீக்கடைத் தகவல் பெரும்பாலும் முகவரிடமிருந்து வருகிறது. அவர் பொய் சொல்வதில்லை; தன் மேசையில் பார்த்ததைச் சொல்கிறார். பக்கத்து மேசையில் இன்னொரு சாவடி எண்ணப்படுவது அவருக்குத் தெரியாது. சில நூறு ஓட்டுகள் உள்ள வார்டில் 3 ஓட்டு, 5 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு மாறும். சமமாக வந்தால் குலுக்கல்தான். அதனால் தேர்தல் நடத்தும் அலுவலர் அறிவிக்காமல் "வெற்றி" என்ற சொல் பக்கத்துக்கு வரக்கூடாது. வாக்குச்சீட்டு எண்ணிக்கையில் "முன்னிலை" என்றும் போடுவதில்லை, பாதிக் கணக்கு அங்கே எதையும் சொல்லாது.

வாக்கு எண்ணும் நாளின் வேலைப் பிரிவினை இதற்கு ஏற்றபடி அமைகிறது. ஒவ்வொரு மையத்துக்கும் இரண்டு பேர். பொதுவாக எண்ணும் அறைக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது என்பதால் ஒருவர் உள்ளே ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டுத் தாளில் எழுதுவார், வாயிலில் கொண்டுவந்து மற்றவரிடம் கொடுப்பார். வெளியே இருப்பவர் தாளைப் படமெடுத்து அனுப்புவார். எண்களைத் தொலைபேசியில் வாயால் சொல்வது கடைசி வழி. அலுவலகத்தில் ஒருவர் ஏற்கெனவே தயாராக உள்ள வேட்பாளர் பட்டியலில் எண்ணை மட்டும் நிரப்புவார். பெயரை அன்றைக்குப் புதிதாக யாரும் தட்டச்சு செய்யக்கூடாது. ஒரே ஊராட்சியில் ஒரே பெயரில் இருவர் நிற்கும்போது முதல் எழுத்தும் சின்னமும் மாறிப் போகும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. இன்னொருவர் படத்தையும் பட்டியலையும் ஒப்பிட்டு, கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார்.

மலைப்பகுதிக்குத் தனிப் பத்தி. ஹைவேவிஸ் வாக்குகளை எங்கே எண்ணுகிறார்கள் என்பதை மாவட்ட நிர்வாகம் வெளியிடும் மையப் பட்டியலில் பார்த்து, அங்கேதான் முடிவுக்கான நிருபர் நிற்பார். தோட்டத் தொழிலாளர்கள் என்ன நினைக்கிறார்கள், புதிய கவுன்சிலரிடம் என்ன கேட்கிறார்கள் என்ற செய்திக்கும் படத்துக்கும் வேறொருவர் முந்தைய நாளே மலையேறிவிட வேண்டும். மாலைக்குப் பிறகு வனச்சாலையில் வாகனக் கட்டுப்பாடு வரும், சிக்னலும் நம்ப முடியாது. மலைச் செய்திக்கு மாலை 4 மணி கடைசி நேரம் என்று குறிப்பில் இருப்பதற்கு இதுதான் காரணம். கீழே உள்ள ஒன்றியங்களுக்கு இரவு பக்கம் மூடும்வரை நேரம் உண்டு. மூடும்போது வராத முடிவுகளுக்கு வெற்றிடம் விட்டு, "எண்ணிக்கை தொடர்கிறது" என்று போட்டு, அந்த நேரத்தையும் அச்சிடுகிறோம். காலையில் பேப்பரைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு எத்தனை மணிக்கானது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

கவுன்சிலர்கள் பட்டியல் வந்துவிட்டது. தலைவர் யார் என்று ஏன் போடவில்லை?

நகராட்சி, பேரூராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி ஆகியவற்றின் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி மறைமுகத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-ல் பிப்ரவரி 22 முடிவுக்குப் பிறகு மார்ச் 2-ல் பதவியேற்பு, மார்ச் 4-ல் மறைமுகத் தேர்தல். இடைப்பட்ட அந்த நாட்களில் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத் தலைநகரே உதாரணம். 33 வார்டுகள் கொண்ட தேனி அல்லிநகரம் நகராட்சியில் தலைவர் பதவியைத் தி.மு.க. தலைமை கூட்டணிக் கட்சியான காங்கிரசுக்கு ஒதுக்கியது. மார்ச் 4-ல் வென்றது தி.மு.க. கவுன்சிலர் ரேணுப்பிரியா. கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் இப்படி வென்றவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதல்வர் ஸ்டாலினே அறிக்கை விட்டார். பிப்ரவரி 22 இரவே எண்ணிக்கையை வைத்துத் தலைவர் பெயரை அச்சிட்டிருந்தால் 10 நாளில் அது பொய்யாகியிருக்கும்.

ஆகவே முடிவு நாளோடு யாருக்கும் விடுப்பு இல்லை. பெரும்பான்மை விளிம்பில் உள்ள ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு நிருபர் மறைமுகத் தேர்தல் முடியும்வரை ஒதுக்கப்படுகிறார். எந்தக் கவுன்சிலர் ஊரில் இருக்கிறார், யார் வெளியூர் போய்விட்டார் என்பதைத் தினமும் அவர் குறிக்க வேண்டும்.

என் வார்டு முடிவு தவறு என்று நினைக்கிறேன். நாளிதழில் புகார் செய்தால் மறு எண்ணிக்கை நடக்குமா?

நடக்காது. முடிவை அறிவிப்பதற்கு முன், வேட்பாளரோ முகவரோ காரணத்தைச் சொல்லித் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அறிவித்துவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடுவதுதான் வழி. எழுத்து மூலம் கேட்டும் மறுத்திருந்தால், அந்தக் கடிதத்தின் நகலோடு வாருங்கள். எந்த மேசை, எந்தச் சாவடி, எத்தனை மணி என்பது அதில் இருந்தால், அன்று எங்கள் நிருபர் குறித்து வைத்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அலுவலரிடம் விளக்கம் கேட்க முடியும்.